புது ஆர்டிஸ்டுக்கு முதல் ஷாட்: ஸ்டைல் கைடு, மாடல் பேக், டெஸ்ட் ஷாட் மூன்றையும் கோர்த்துக் கொடுப்பது எப்படி

கார்ட்டூன் தொடர் ஒன்றில் புது ஆர்டிஸ்ட் சேரும் முதல் நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். சர்வரில் ஒரு ஃபோல்டரைக் காட்டுவார்கள். ஸ்டைல் கைடு, எல்லாக் கேரக்டர்களின் மாடல் பேக், பழைய எபிசோடுகள் எல்லாம் அதில் இருக்கும். "பார்த்து வைங்க, நாளைக்கு ஒரு டெஸ்ட் ஷாட் தரோம்" என்பார்கள். வந்தவர் நூற்றுக்கணக்கான படங்களைப் புரட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். ஷாட்டைச் செய்து கொடுத்ததும் "ஆஃப் மாடலா இருக்கு" என்று, அதாவது கேரக்டரின் வடிவத்திலிருந்து விலகியிருக்கிறது என்று, ஒரே வரியில் பதில் வரும். எது, எங்கே, ஏன் என்று அதில் இருக்காது. திறமையான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தங்கள் கையையே சந்தேகப்பட ஆரம்பிக்கிறார்கள்.

சென்னையில் ஒரு சிறிய 2டி ஸ்டுடியோவில் அனிமேஷன் லீடாக இருக்கிறேன். குழந்தைகளுக்கான தமிழ்த் தொடர் ஒன்றை டூன் பூம் ஹார்மனி மென்பொருளில் செய்கிறோம். படம் படமாகக் கையால் வரையும் வேலை, ரிக் கிடையாது. புதிதாக வருபவர்களைத் தொடருக்குள் கொண்டுவருவது என் பொறுப்பு. அதற்கு நான் வைத்திருக்கும் விதி இதுதான்: டெஸ்ட் ஷாட்டில் வரும் ஒவ்வொரு சிக்கலுக்கும் விடை சொல்லும் பக்கம் ஒன்று, ஸ்டைல் கைடிலோ மாடல் பேக்கிலோ இருந்தாக வேண்டும். திருத்தம் சொல்லும்போது அந்தப் பக்க எண்ணைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்க எண் சொல்ல முடியாத திருத்தம் வந்தால், அங்கே குறை புது ஆர்டிஸ்டிடம் இல்லை, பேக்கில்தான் இருக்கிறது.

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, சில காலம் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த ஒரு தம்பி எங்களிடம் சேர்ந்தார். அழகான கை. கோட்டில் உயிர் இருந்தது. ஆனால் மற்றவர் வடிவமைத்த கேரக்டரை, மற்றவர் கோட்டில், ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்த பழக்கம் அவருக்கு இல்லை. அவருக்கு நாங்கள் என்னென்ன கொடுத்தோம், அவர் செய்த டெஸ்ட் ஷாட்டில் என்ன தெரிந்தது என்பதை வைத்தே மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்டைல் கைடுக்கும் மாடல் பேக்குக்கும் உள்ள வேறுபாடு. ஸ்டைல் கைடு தொடர் முழுவதற்கும் பொதுவானது. கோடு எவ்வளவு தடிமன், என்ன நிறம், ஒரு படம் எத்தனை ஃப்ரேம் நிற்கும், உடம்பு எவ்வளவு நசுங்கலாம், தலை திரும்பும்போது எது முதலில் அசையும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் தொடரில் கோடு கறுப்பு இல்லை, அடர் பழுப்பு. 1920க்கு 1080 ஃப்ரேமில், மிட் ஷாட்டில், வெளிக்கோடு 5 பிக்சல், உள்கோடு 3 பிக்சல். வினாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படம் இரண்டு ஃப்ரேமுக்கு நிற்கும், வேகமான அசைவுக்கு மட்டும் ஃப்ரேமுக்கு ஒரு படம்.

மாடல் பேக் ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனி. எல்லாக் கோணங்களையும் காட்டும் டர்ன்அரவுண்ட், முகபாவ ஷீட், வாய் சார்ட், கை ஷீட், மற்றக் கேரக்டர்களோடு உயர ஒப்பீடு, பகல் இரவு நிறங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் கட்டமைப்பு ஷீட். இது பழைய ஏற்பாடுதான். டிஸ்னியில் 1930களின் இறுதியிலேயே ஜோ கிராண்ட் தலைமையில் கேரக்டர் மாடல் துறை என்று தனியாக ஒன்று இயங்கியது. பலர் சேர்ந்து வரைந்தாலும் ஒரே ஆள் வரைந்த மாதிரி இருக்க வேண்டும் என்கிற தேவை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

முதல் நாள் முழு பேக்கையும் நான் கொடுப்பதில்லை. டெஸ்ட் ஷாட்டில் வரப்போகும் இரண்டு கேரக்டர்களின் பக்கங்களை மட்டும் எடுத்து வைப்பேன். எங்களுக்கு அது கிட்டு என்கிற எட்டு வயதுப் பையனும் அவன் பாட்டியும். கிட்டு மூன்றரைத் தலை உயரம், பாட்டி நாலரைத் தலை. ஸ்டைல் கைடிலும் கோடு, டைமிங், தலைத் திருப்பம் ஆகிய பக்கங்கள் மட்டும். கேமரா, எஃபெக்ட்ஸ், கூட்டக் காட்சி எல்லாம் பிறகு, அந்தந்த வேலை வரும்போது. தேவைப்படும் நேரத்துக்கு முன்னால் படித்த பக்கம் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

கட்டமைப்பு ஷீட்டில்தான் முதல் நாளின் பெரும்பகுதி போகும். புது ஆட்கள் டர்ன்அரவுண்டை முதலில் எடுப்பார்கள், ஏனென்றால் அதுதான் அழகாக இருக்கும். அதைப் பார்த்து வெளிக்கோட்டை மனப்பாடம் செய்வார்கள். புள்ளி வைக்காமல் சிக்குக் கோலத்தைப் பார்த்துப் போடுவது மாதிரி, பார்த்த அளவுக்கு மட்டும் சரியாக வரும், கொஞ்சம் கோணம் மாறினால் குழம்பிவிடும். கிட்டுவின் தலை முழு வட்டம் இல்லை, பின்பக்கம் கொஞ்சம் தள்ளிய முட்டை வடிவம். கண்கோடு தலையின் பாதிக்குக் கீழே ஓடுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் காது தலையின் நடுவில் இருக்கும். முக்கால் கோணத்துக்கு வரும்போது அது பின்விளிம்பை நோக்கிப் போய்விடும். இந்தச் சில விஷயங்கள் கைக்கு வந்துவிட்டால் ஷீட்டில் இல்லாத கோணத்தையும் வரைந்துவிடலாம்.

அது வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பயிற்சி வைக்கிறேன். டர்ன்அரவுண்டிலிருந்து முன்பக்கம், பக்கவாட்டு ஆகிய இரண்டை மட்டும் தருவேன், முக்கால் கோணத்தை மறைத்துவிடுவேன். "நடுவுல இருக்குறதை நீங்க வரைங்க" என்பேன். வரைந்து முடித்ததும் ஷீட்டின் முக்கால் கோணத்தை மேலே 50 சதவீதம் ஒளிபுகும்படி வைத்துப் பார்ப்போம். விலகல் எங்கே என்பது இருவர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரியும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தம்பி வரைந்ததில் கன்னமும் தாடையும் ஷீட்டோடு ஒட்டிப் போயின. பின்மண்டை மட்டும் தட்டையாக இருந்தது. புத்தகப் படத்தில் அது யாருக்கும் உறுத்தாது. தலை திரும்பும்போது உறுத்தும் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

பேக்கில் இன்னொரு வகைப் பக்கத்தையும் உட்கார வைத்துக் காட்ட வேண்டும். முப்பரிமாண நியாயத்துக்கு ஒத்துவராத, ஆனால் கேரக்டரின் அடையாளமே ஆகிவிட்ட விஷயங்கள். மிக்கி மவுஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் காதுகள் இரண்டும் வட்டமாகவே தெரியும் அல்லவா, அந்த மாதிரி. கிட்டுவுக்கு உச்சியில் ஒரு முடிக்கற்றை உண்டு. முகம் பார்க்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் அது சாய்ந்திருக்கும். வலமிருந்து இடம் திரும்பினால், தாடை மிகத் தாழ்ந்திருக்கும் நடுப் படத்தில் அது மறுபக்கம் மாறிவிடும். நன்றாக வரையத் தெரிந்தவர்தான் இங்கே அதிகம் வழுக்குவார், ஏனென்றால் அவர் கை தானாகவே சரியான பார்வைக்கோணத்தில் வரையப் பார்க்கும். இதற்குத் தர்க்கம் தேடாதீர்கள், பக்கத்தைப் பாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன்.

சரி, டெஸ்ட் ஷாட். ஏற்கெனவே ஒளிபரப்பான, இயக்குநர் ஒப்புதல் கொடுத்த எபிசோடிலிருந்து ஒரு ஷாட்டைத்தான் எடுப்பேன். புதிதாக ஒன்றை யோசித்துக் கொடுத்தால், வந்த வேலையை எதோடு ஒப்பிடுவது என்று எங்களுக்கே தெரியாது. ஒப்புதல் ஆன ஷாட் என்றால் இந்தத் தொடரில் சரி என்பது எது என்று கையில் இருக்கும். முடிந்த வடிவத்தைப் புது ஆர்டிஸ்டுக்கு முன்கூட்டிக் காட்டுவதில்லை, எல்லாம் முடிந்த பிறகு பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டுவோம்.

நான் பயன்படுத்தும் ஷாட் நான்கு வினாடி, அதாவது 96 ஃப்ரேம். கிட்டு ஒரு தகரப் பெட்டிக்குள் பார்க்கிறான், பக்கவாட்டுக் கோணம். முதல் 24 ஃப்ரேம் அப்படியே. 25 முதல் 36 வரை தலையைக் கேமராப் பக்கமாக முக்கால் கோணத்துக்குத் திருப்புகிறான். 37 முதல் 84 வரை வசனம்: "பாட்டி, என் பம்பரம் எங்க?" கடைசி 12 ஃப்ரேம் நிறுத்தம், ஒரு கண்சிமிட்டல். பின்னால் பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்டு முகத்தை நிமிர்த்துகிறாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. ஆனால் கட்டமைப்பு, தலைத் திருப்பம், வாய், இரண்டு கேரக்டர்களின் அளவு, கோட்டின் தடிமன், நிறம் ஆகிய எல்லாப் பக்கங்களையும் இது தொட்டுப் போகிறது. குதித்து ஓடும் ஷாட்டில் தவறுகள் வேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நின்று பேசும் ஷாட்டில் ஒளிய இடமே இல்லை.

இதை வேலையில் சேர்த்த பிறகு, சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கொடுக்கிறோம். விண்ணப்பித்தவர்களிடம் நாள்கணக்கில் இலவசமாக ஷாட் செய்து வாங்குவது தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஆளைத் தேர்ந்தெடுக்க அவர் வரைந்து வைத்திருப்பவையும் ஒரு மணி நேரப் பேச்சும் போதும். டெஸ்ட் ஷாட் ஆளை வடிகட்ட அல்ல, எங்கே கைகொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

ஷாட்டோடு போக வேண்டியவை: அனிமேட்டிக் துண்டு, வசனத்தின் ஆடியோ, பின்னணிப் படம், பேலட், முதல் போஸுக்கான லேஅவுட், ஃபைல் பெயர் எப்படி வைக்க வேண்டும் என்ற குறிப்பு. எங்களுடையது `KT_EP07_SC042_test_v01` என்கிற மாதிரி இருக்கும். உண்மையான தயாரிப்பு ஷாட்டுக்கு என்ன போகுமோ அதேதான். ஒன்றைக் குறைத்தால் கேட்டு அலைவதில் அவர் நேரம் போகும், ஒன்றைக் கூட்டினால் பிறகு அது கிடைக்காதபோது தடுமாறுவார். அப்புறம், முதலில் ரஃப் மட்டும்தான் கேட்பேன். ரஃப் சரியான பிறகே கிளீனப்பும் நிறமும். தம்பிக்கும் அப்படியே சொன்னேன். இருந்தாலும் ஆர்வத்தில் கிட்டுவுக்கு நிறம்வரை போட்டுக் கொண்டுவந்துவிட்டார். ஒருவகையில் அதனால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்தில் பார்க்க முடிந்தது.

ஓட்டிப் பார்த்ததும் முதலில் தெரிந்தது அவருடைய பலம். பெட்டிக்குள் பார்க்கும் கிட்டுவின் கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, ஒரு கையைப் பெட்டி விளிம்பில் ஊன்ற வைத்திருந்தார். தேடுகிற பையனாகவே இருந்தான். ஒப்புதல் ஆன ஷாட்டில்கூட அந்தக் கை இல்லை. அதை முதலில் சொன்னேன், ஏனென்றால் திருத்தங்களுக்கு நடுவே அந்தக் கையை அவர் எடுத்துவிடக் கூடாது.

அடுத்து தலைத் திருப்பம். 12 ஃப்ரேம், இரண்டிரண்டாக ஆறு படங்கள். ஓட்டும்போது தலை நடுவில் சுருங்கி மறுபடி பெரிதாகிற மாதிரி ஒரு துடிப்பு. ஓட்டத்தில் இது ஏதோ சரியில்லை என்ற உணர்வாகத்தான் தெரியும், எதனால் என்று தெரியாது. அதற்கு இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறோம். கட்டமைப்பு ஷீட்டின் முட்டை வடிவத்தை ஒரு தற்காலிக லேயரில் ஒட்டி, ஒவ்வொரு படத்தின் தலைமேலும் நகர்த்தி வைத்துப் பார்ப்பது முதல் சோதனை. மூன்றாம், நான்காம் படங்களில் பின்மண்டை முட்டைக்கு உள்ளே நின்றது. முன்பே குறித்து வைத்த அதே தட்டை. முதல் போஸின் வெளிக்கோட்டையும் கடைசிப் போஸின் வெளிக்கோட்டையும் வைத்து இரண்டுக்கும் நடுக்கோடு போட்டால் இதுதான் நடக்கும். தலை ஒரு பந்து மாதிரி சுழல்கிறது, அதன் கோடுகள் தட்டையாக நகர்வதில்லை. நடுக்கோடு எடுப்பதால் பந்தின் கனம் போய்விடுகிறது.

இரண்டாவது சோதனை காது. ஒவ்வொரு படத்திலும் காதின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, ஆறு புள்ளிகளையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். அவை ஒரு வளைவில், சீராக நெருங்கியோ விலகியோ போக வேண்டும். தம்பியின் ஷாட்டில் நான்கு புள்ளிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் குவிந்திருந்தன, ஐந்தாவது திடீரென்று பின்னால் தாவியிருந்தது. காது தலையின் நடுவிலேயே நின்றுவிட்டுக் கடைசியில் குதித்திருக்கிறது. புள்ளிகளைப் பார்த்ததுமே அவர், "முகத்தை மட்டும் திருப்பியிருக்கேன் அக்கா, மண்டையைத் திருப்பல" என்றார். அதைவிடச் சரியாக நானே சொல்லியிருக்க முடியாது. தலைத் திருப்பப் பக்கத்தைத் திறந்து வைத்தோம்: கண்கள் இரண்டு ஃப்ரேம் முன்னால் போக வேண்டும், தாடை நடுவில் கீழே வளைந்து போக வேண்டும், உச்சிமுடி முகத்துக்கு எதிர்ப்பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். கோட்டை அழிக்காமல், முட்டையும் நடுக்கோடும் கண்கோடும் மட்டும் ஆறு படங்களுக்கு முதலில் போட்டு, அது சரியாகச் சுழன்ற பிறகு முகத்தை வைக்கச் சொன்னேன்.

வாய் அசைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் வசனத்துக்கு யாரும் இதை எழுதி வைப்பதில்லை. ஹார்மனியில் பழக்கத்தில் இருக்கும் வாய் வரிசை `A` முதல் `G` வரையும், அமைதிக்கு `X`உம். `A` மூடிய வாய், ப, ம போன்ற ஒலிகளுக்கு. இந்த வரிசை ஆங்கில ஒலிகளை மனதில் வைத்துப் போட்டது என்றாலும் நமக்கும் போதும், எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டுப் போட்டால். தம்பி வசனத்தை எழுதி வைத்துக்கொண்டு எழுத்துக்கு ஒரு வாய் போட்டிருந்தார். "பம்பரம்" என்பதில் ப, ம், ப, ர, ம் என்று ஐந்து வடிவம். நடுவில் வரும் ம் மூடியது, உடனே ஒரு சிறு திறப்பு, மறுபடி ப மூடியது. பார்த்தால் வாய் படபடவென்று அடிக்கிறது. உங்கள் உதட்டில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், ம்ப என்பதில் உதடு ஒரே முறைதான் மூடுகிறது. ம் சொல்ல மூடிய உதடு அப்படியே இருந்து ப-வுக்குத் திறக்கிறது. ஆகவே அந்த இடத்தில் ஒரே `A`, நான்கு ஃப்ரேமுக்கு. ர-வுக்குத் தனி வடிவமே வேண்டாம், அக்கம்பக்கத்து உயிரொலியின் திறப்பிலேயே அது போய்விடும். கடைசி ம் மறுபடி `A`. மொத்தம் மூன்று மூடல், இரண்டு திறப்பு. "எங்க" என்பதில் ங்க தொண்டைப் பக்கம் நடக்கும் ஒலி. உதடு மூடவே மூடாது. திறந்த வாயைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும்.

இன்னொன்று நேரம். "பாட்டி" என்று ஆரம்பிக்கும் ப-வின் வெடிப்பு கேட்கும் ஃப்ரேமில் வாய் மூடியிருந்தால் தாமதமாகத் தெரியும். மூடல் அதற்கு இரண்டு ஃப்ரேம் முன்னால் வந்து, சத்தம் கேட்கும்போது வாய் திறந்துகொண்டிருக்க வேண்டும். மூடிய வாய் ஒரே ஒரு ஃப்ரேம் இருந்தால் கண் அதைப் பிடிக்காது, குறைந்தது இரண்டு ஃப்ரேம் வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். வாயை மட்டும் பார்த்து "பம்பரம்" என்று படிக்க முடிந்தால் சரி.

நிறத்தில் வந்த சிக்கல் கண்ணுக்கே தெரியாத வகை. கிட்டுவின் சட்டை ஷீட்டில் இருக்கும் அதே மாம்பழ மஞ்சள். அருகருகே வைத்தாலும் வித்தியாசம் இல்லை. ஆனால் இரவு பேலட்டுக்கு மாற்றியதும் முகம், கால்சட்டை, முடி எல்லாம் நீலம் கலந்து இருண்டன, சட்டை மட்டும் பகல் வெயிலில் நின்றது. ஷீட்டின் படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுத்துப் புது நிறமாகச் சேர்த்திருக்கிறார். ஹார்மனியில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. வரைந்த படம் அந்த எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கும், மஞ்சளை அல்ல. பகல் பேலட்டை குளோன் செய்து இரவு பேலட் உண்டாக்கும்போது எண்கள் அப்படியே இருக்கும், சாயல்களை மட்டும் மாற்றுவோம். அதனால்தான் ஒரே தட்டில் ஷாட் முழுவதும் இரவாகிறது. டூப்ளிகேட் செய்தால் எண்கள் புதிதாகிவிடும், தொடர்பு அறுந்துவிடும். ஸ்டைல் கைடில் இது "பேலட்டில் இல்லாத நிறத்தைச் சேர்க்கக் கூடாது" என்று ஒரு வரியாக இருக்கிறது. காரணம் தெரியாதவருக்கு அது வெறும் கட்டுப்பாடு. இரவு பேலட்டுக்கு மாற்றிக் காட்டிய பிறகு யாரும் அதை மறப்பதில்லை. ஆகவே எல்லோருடைய டெஸ்ட் ஷாட்டையும் பகல் காட்சியாகவே இருந்தாலும் ஒருமுறை இரவாக மாற்றிப் பார்த்துவிடுவேன்.

கோட்டின் தடிமனில் ஒன்றே ஒன்று. பாட்டியை மாடல் அளவில் வரைந்து, லேயரை 60 சதவீதமாகச் சுருக்கிப் பின்னால் வைத்திருந்தார். 5 பிக்சல் வெளிக்கோடு 3 ஆகிவிட்டது. பின்னணி ஆட்களுக்கு எங்கள் கைடில் 4 பிக்சல். அந்தப் பக்கத்தைக் காட்டியதும் முடிந்தது.

பாட்டியின் விஷயம் வேறு. ஷாட்டில் பாட்டி இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். டர்ன்அரவுண்டில் முக்கால் கோணம் வலப்பக்கம் பார்த்தது மட்டும்தான் இருந்தது. தம்பி அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைத்துக்கொண்டு வரைந்திருந்தார். முந்தானை வலது தோளில் ஏறியிருந்தது. மூக்குத்தியும் பக்கம் மாறியிருந்தது.

"ஷீட்ல இருக்குறதைத் திருப்பித்தானே அக்கா போட்டேன்?"

"திருப்பினதுதான் தம்பி சிக்கல். முந்தானை எந்தத் தோள்ல போகுது பாருங்க."

இந்தத் திருத்தத்துக்குப் பக்க எண் சொல்லப் பேக்கைத் தேடினேன். எங்கேயும் இல்லை. தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், பேச்சில் கடத்தியிருக்கிறோம், தாளில் ஏறவில்லை. மேல்நாட்டு மாடல் பேக்குகளைப் பார்த்து வடிவமைக்கும்போது இப்படி நடக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி உடையணிந்த கேரக்டருக்கு ஒரு பக்கத்து முக்கால் கோணம் போதும், மறுபக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். புடவை கட்டிய கேரக்டருக்கு இரண்டு பக்கமும் வரைந்தாக வேண்டும். இடது தோளில் முந்தானை இருப்பதால் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மடிப்பு முன்னால் விழும், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் ரவிக்கைக் கைதான் தெரியும். நிழலுருவமே மாறிவிடும். கிட்டுவின் சட்டைப் பையும் இதே கதைதான், இடது மார்பில் மட்டும்.

அன்றே வடிவமைப்பாளரிடம் சொல்லிப் பாட்டிக்கு இடப்பக்க முக்கால் கோணமும், உட்கார்ந்த நிலையில் முந்தானை எப்படி விழும் என்பதும் சேர்த்து ஒரு பக்கம் போட வைத்தோம். மேலே சிவப்பில் "திருப்பிப் போடக் கூடாது" என்று எழுதினோம். தம்பியின் திருத்தப் பட்டியலில் பாட்டியை மட்டும் "புதுப் பக்கம் வந்த பிறகு" என்று தனியாக வைத்தேன். பேக்கில் இல்லாத ஒன்றுக்கு அவர் கணக்கில் தவறு எழுதக் கூடாது.

திருத்தங்களைக் கொடுத்த வரிசையும் முக்கியம். நான் பார்த்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டவில்லை. முதல் சுற்றில் கனமும் தலைத் திருப்பமும் மட்டும். அது மாறினால் மேலே உள்ள கோடு எல்லாமே மாறும், அதற்கு முன் கோட்டின் தடிமனைத் திருத்த வைப்பது வீண் வேலை. இரண்டாம் சுற்றில் வாய். கடைசியில் கோடும் நிறமும். ஒவ்வொன்றுக்கும் ஃப்ரேம் எண், பக்க எண், தேவைப்பட்ட இடத்தில் மேலே ஒரு லேயரில் நான் வரைந்த கோடு. மேலே வரையும்போது முட்டையையும் அச்சுக்கோடுகளையும் மட்டுமே வரைவேன். முகத்தை முழுக்க நானே வரைந்து கொடுத்தால் அவர் அதன்மேல் டிரேஸ் செய்வார், அடுத்த ஷாட்டில் அதே தட்டை மண்டை திரும்பி வரும்.

இரண்டாவது வடிவத்தில் காதின் புள்ளிகள் வளைவில் உட்கார்ந்தன. துடிப்பு போய்விட்டது. கழுத்து நீட்டலும் பெட்டி விளிம்பில் ஊன்றிய கையும் அப்படியே இருந்தன. உச்சிமுடி மட்டும் ஒரு படத்தில் பக்கம் மாறியிருந்தது, அதையும் அவரே கண்டுபிடித்து அடுத்ததில் சரிசெய்தார். எந்தத் திருத்தம் ஒரே முறையில் போனது, எது திரும்ப வந்தது என்பதைத்தான் நான் கவனிப்பேன். முதல் வடிவம் எவ்வளவு அழகு என்பதைவிட அதுதான் எனக்குச் சேதி சொல்கிறது. பக்கத்தைக் காட்டியும் அதே தவறு மூன்றாம் முறை வந்தால், அந்தப் பக்கத்தை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து வரைய வேண்டும். எழுத்தில் இன்னொரு திருத்தம் அனுப்பிப் பயனில்லை.

ஒரு டெஸ்ட் ஷாட்டால் தெரியாதவையும் இருக்கின்றன. வேகம் தெரியாது. நிதானமாகச் செய்த நான்கு வினாடியை வைத்து வாரத்துக்கு எத்தனை வினாடி வரும் என்று கணக்குப் போட்டால் தவறாகிவிடும். தொடர்ந்து பல ஷாட் செய்யும்போது களைப்பில் கை எங்கே தன் பழைய பழக்கத்துக்குத் திரும்பும் என்பதும் தெரியாது. அதனால் முதல் தயாரிப்பு ஷாட்டுகளை ஒரு வரிசையில் கொடுக்கிறேன். முதலில் கிட்டு தனியாக, மிட் ஷாட்டில், பகலில். பிறகு கிட்டுவும் பாட்டியும். அதன் பிறகு நடை. கேமரா கூடவே நகரும் நடைக் காட்சியைக் கடைசியாகத்தான் கொடுப்பேன், ஏனென்றால் அங்கே இரண்டிரண்டாக வரைந்தால் கால் தரையில் வழுக்கும், ஃப்ரேமுக்கு ஒரு படம் போட வேண்டியிருக்கும், வேலை இரட்டிப்பாகும். ஒவ்வொரு புதுச் சிக்கலும் வரும்போது அதற்கான பக்கம் ஷாட் ஃபோல்டரிலேயே சேர்ந்து போகும்.

தம்பி இப்போது பாட்டி வரும் ஷாட்டுகளைத்தான் விரும்பிக் கேட்டு வாங்குகிறார். முந்தானை மடிப்பு காற்றில் அசைவதற்கு ஸ்டைல் கைடில் விதி எதுவும் இல்லை என்று போன வாரம் வந்து சொன்னார். எத்தனை ஃப்ரேம் பின்தங்கி வர வேண்டும், நுனி எவ்வளவு தூக்கலாம் என்று ரஃப் போட்டுக் காட்டினார். இயக்குநர் பார்த்துச் சரி என்றதும் அந்தப் பக்கத்தை அவரையே வரையச் சொல்லியிருக்கிறேன்.